கீசர் ஓடும்போது குழாயைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பது ஏன்?

கேள்வி: "கீசர் போட்டிருக்கும்போது பாத்ரூம் குழாயையும் ஷவரையும் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. ஆஃப் செய்தால் இல்லை. ஏன்?"

முதலில் மின்பலகையில் கீசருக்கான எம்சிபி சுவிட்சை அணைத்துவிடுங்கள். சரிசெய்யும்வரை அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் உலோக உறை, உப்புப் படிந்தோ அரித்தோ விரிசல் விடும்போது, உள்ளே ஈரம் புகுந்து, மின்சாரம் தண்ணீருக்கும் தொட்டிக்கும் கசிகிறது. எர்த் வயர் சரியாக இருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். தொட்டியில் மின்னழுத்தம் ஏறாது. உங்கள் வீட்டில் காயிலோடு எர்த்தும் பழுதாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் பிளக்கின் தடித்த பின்னிலோ சாக்கெட்டின் பின்புறத்திலோ அந்த வயர் கழன்றிருக்கும். அப்போது தொட்டியிலும், அதோடு இணைந்த இரும்புக் குழாய்களிலும், ஷவர் வரைக்கும் மின்னழுத்தம் ஏறி நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவரின் உடல் வழியாகவே மின்சாரம் மண்ணை அடைகிறது. இடையில் பிளாஸ்டிக் குழாய் இருந்தாலும் உள்ளிருக்கும் தண்ணீர் ஓரளவு கடத்தும்.

சுமார் 1 மில்லிஆம்பியரில் சுர்ரென்று உணரும் நாம், 10 மில்லிஆம்பியரைத் தாண்டினால் பிடித்த கையை விடமுடியாமல் போகலாம். காயில் மேலும் அரித்தால் இது நேரக்கூடும்.

எலக்ட்ரீஷியனிடம் எர்த் வயர் எங்கும் அறுபடாமல் மண்வரை தொடர்கிறதா என்பதையும், மெகர் கருவியால் காயிலின் இன்சுலேஷனையும் சோதிக்கச் சொல்லுங்கள். மின்கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் பொருத்துங்கள். ஆனால் எர்த் இல்லாத வீட்டில் அது பெரும்பாலும் ஒருவர் தொட்ட பிறகே துண்டிக்கும் என்பதால், எர்த்துக்கு அது மாற்றாகாது.