பெற்றோர் வீட்டு ஆர்டருக்கு டெலிவரி ஆளுக்கு என்ன எழுதி அனுப்பலாம்?

கேள்வி: நான் பெங்களூரில். சென்னையில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மருந்து, மளிகை எல்லாம் ஆப்பில் ஆர்டர் போடுகிறேன். டெலிவரி ஆள் வழி தெரியாமல் சுற்றுகிறார், இல்லாவிட்டால் பெல் அடித்துவிட்டு ‘ஆள் இல்லை’ என்று போய்விடுகிறார். சுருக்கமாக என்ன மெசேஜ் அனுப்புவது?

பதில்:

வண்டியை ஓரம் கட்டி, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு படிப்பவருக்கு எழுதுகிறீர்கள். அவருக்குச் சந்தேகம் வரும் இடங்கள் மூன்றுதான்: தெருமுனை, கேட், பெல் அடித்த பிறகு. அதே வரிசையில் எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

“தம்பி, தெருவுக்குள்ள வந்ததும் டிரான்ஸ்பார்மர் தாண்டி இடது பக்கம் 3வது வீடு. பழைய நம்பர் 12, புது நம்பர் 27. நீலக் கேட். டிரான்ஸ்பார்மர் கிட்ட வந்ததும் அப்பாவுக்கு போன் பண்ணுங்க. பெரிய கேட் பூட்டியிருக்கும், பக்கத்துல சின்னக் கேட். கொக்கி உள்பக்கம், மேல கைவிட்டுத் தூக்குங்க. பெல் அடிக்கலைன்னா கேட்டைத் தட்டுங்க. பகல் 1 மணிக்கு முன்னாடி, இல்ல 4 மணிக்கு மேல. நடுவுல வந்தா எதிர்வீட்டுல குடுங்க, சொல்லி வச்சிருக்கு. பணம் கட்டியாச்சு.”

அடையாளமாகப் பிள்ளையார் கோயிலைச் சொல்லாதீர்கள். நம் ஊரில் எந்தப் பிள்ளையார் என்று அடுத்த கேள்வி வரும். கடைப் பெயரும் வேண்டாம். பலகை மாறிவிடும், மதியம் ஷட்டர் இறங்கியிருந்தால் பெயரே தெரியாது. டிரான்ஸ்பார்மர், தண்ணீர் டேங்க், ரேஷன் கடை மாதிரி இடம் மாறாதது நல்லது. அதோடு ‘பக்கத்தில்’ என்று நிறுத்தாமல், தாண்டியா முன்னாடியா, எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு என்று சொல்லுங்கள். இடது வலது எல்லாம் அவர் எந்த முனையிலிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்தது. தெருவுக்கு இரண்டு வாசல் இருந்தால், “மெயின் ரோட்டிலிருந்து வந்தால்” என்று சேர்த்துவிடுங்கள். சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டையும் போட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால், அதே எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கும் வேறு வீட்டு வாசலில் போய் நிற்பார்.

இத்தனையும் சரியாக எழுதி, ஆப்பின் வரைபடத்தில் இடத்தைக் காட்டும் பின் உங்கள் பெங்களூர் வீட்டிலேயோ அடுத்த தெருவிலேயோ இருந்தால் பயனில்லை. அவர் முதலில் பின்னைப் பார்த்துத்தான் வருவார், குறிப்பைப் படிப்பது வந்து குழம்பிய பிறகு. அப்பாவை வாசலில் நின்று வாட்ஸாப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லி, பின்னைச் சரியாகக் கேட் மேலேயே வையுங்கள்.

‘ஆள் இல்லை’ என்று திரும்புவதற்குப் பெரும்பாலும் காரணம் நேரம். முழங்கால் வலியோடு உள்ளறையிலிருந்து எழுந்து வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அடுத்த ஆர்டர் காத்திருக்கும்போது வாசலில் அந்த நேரம் நீளமாகத்தான் தெரியும். “கொஞ்சம் பொறுங்க” என்று கெஞ்சுவதைவிட, டிரான்ஸ்பார்மரிலேயே போன் பண்ணச் சொல்வது வேலை செய்யும். அவர் கேட்டுக்கு வருவதற்குள் அப்பா கதவருகே வந்திருப்பார். இதற்கு ஆர்டரில் பெறுபவர் எண்ணாக அப்பாவின் எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆப்பிலிருந்து வரும் அழைப்பு உங்களுக்குத்தான் வரும். அழைப்பு தெரியாத எண்ணிலிருந்து வரும், எடுங்கள் என்று அப்பாவிடமும் சொல்லிவையுங்கள்.

நேரக் குறிப்பு எல்லா ஆர்டருக்கும் பலிக்காது. மளிகை ஆப்பில் நேரத்தை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால், அங்கேயே அப்பா அம்மாவின் மதியத் தூக்க நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பார்சல் கொண்டு வருபவர் ஒரு சுற்றில் பல தெருக்களை முடிக்கிறவர். நமக்காக 4 மணிக்குத் திரும்பி வர மாட்டார். எதிர்வீட்டு வரி அவருக்காகத்தான். எதிர்வீட்டில் முன்கூட்டியே கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எழுதக் கூடாதவையும் உண்டு. ‘வயசானவங்க தனியா இருக்காங்க’, ‘சாவி தொட்டிக்கு அடியில் இருக்கு’ இரண்டும் வேண்டவே வேண்டாம். முகவரிக் கட்டத்தில் எழுதுவது பார்சல் மேல் அச்சாகி எத்தனையோ கை மாறும். கேட், அடையாளம் வரைக்கும் அங்கே போதும். மற்றதை டெலிவரி ஆள் ஒதுக்கப்பட்ட பிறகு சாட்டில் ஒட்டுங்கள். சாட்டில் போடுவது அந்த ஒருவருக்கு மட்டும்தான் போகும், அடுத்த ஆர்டருக்கு மறுபடி ஒட்ட வேண்டும். ஆகவே போனில் நோட்ஸில் சேமித்துவையுங்கள்.

ஓடிபி கேட்கும் ஆர்டர் என்றால் அது யார் போனுக்கு வருகிறது என்று முதல் தடவையே பாருங்கள். உங்களுக்கு வந்தால், “ஓடிபிக்கு எனக்குக் கூப்பிடுங்க” என்று உங்கள் எண்ணோடு ஒரு வரி சேருங்கள். பொருள் கைக்கு வருமுன் போனில் யார் ஓடிபி கேட்டாலும் சொல்ல வேண்டாம் என்று பெற்றோரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

வருபவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமலும் இருக்கலாம். முதல் மூன்று வரியை எளிய ஆங்கிலத்திலும் எழுதி, கேட்டின் படம் ஒன்றும் எடுத்துவையுங்கள். சாட்டில் படம் அனுப்ப முடிந்தால் அதையும் சேர்த்து அனுப்பலாம்.