இருநூறு பக்க ஆய்வேட்டை இருபத்திரண்டு நிமிடத்தில் சொல்வது எப்படி?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் 62 கிணறுகளின் நீரில் உள்ள ஃபுளோரைடு பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு சமர்ப்பித்திருக்கிறேன். ஆறு இயல்கள், 214 பக்கங்கள். அடுத்த மாதம் பொது வாய்மொழித் தேர்வு. பேச 25 நிமிடம் தந்திருக்கிறார்கள். நான் தயாரித்திருப்பது 58 ஸ்லைடுகள், பேசிப் பார்த்தால் 50 நிமிடம் ஆகிறது. எதை வெட்டுவது என்றே தெரியவில்லை. ஸ்லைடுகளின் வரிசையையும் நேரக் கணக்கையும் சொல்லித் தர முடியுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்லைடுகளைப் பார்த்தேன். முதல் இயலுக்கு ஒன்பது, இலக்கிய மீளாய்வுக்குப் பதினான்கு என்று ஆய்வேட்டின் வரிசையிலேயே போகின்றன. உங்கள் முதல் முடிவு 31ஆவது ஸ்லைடில்தான் வருகிறது. சிக்கல் இங்கேதான். ஆய்வேட்டை இயல் இயலாகச் சுருக்கினால் எல்லா இயலும் கொஞ்சம் கொஞ்சம் இளைக்குமே தவிர, பேச்சு உருவாகாது. நான் தேர்வாளராகப் போன ஓர் அரங்கில் மாணவர் ஒருவர் முன்னோர் ஆய்வுகளை மட்டும் பதின்மூன்று நிமிடம் சொன்னார். தம்முடைய மிகச் சிறந்த வரைபடத்தைக் காட்டியபோது நேரம் முடிந்துவிட்டது என்று நிறுத்தச் சொன்னார்கள். மூன்று ஆண்டு உழைப்பு அந்த ஒரு படத்தில் இருந்தது. அவர் முகம் வாடியதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே இந்த 58 ஸ்லைடுகளையும் ஓரமாக வைத்துவிடுங்கள். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, உங்கள் ஆய்வு கண்டுபிடித்ததை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'நிலத்தடி நீரின் தரத்தை ஆராய்ந்தேன்' என்பது செய்த வேலை. எனக்கு வேண்டியது நீங்கள் கண்டது. உங்கள் ஆறாம் இயலிலிருந்து நான் எடுத்த வாக்கியம் இது: 'ஃபுளோரைடு கூடுவதை மழையைவிட, நீர் பாறையோடு எவ்வளவு காலம் தங்குகிறது என்பதே தீர்மானிக்கிறது.'

இந்த வாக்கியத்தை அப்படியே மேடையில் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். நீரின் வயதை நீங்கள் அளக்கவில்லை. கிணற்றின் ஆழத்தை அளந்திருக்கிறீர்கள், பாறை வகையைக் குறித்திருக்கிறீர்கள், கால்சியத்தை அளந்திருக்கிறீர்கள். எனவே திருத்திய வாக்கியம்: 'ஃபுளோரைடு கூடிய கிணறுகள் ஆழமானவை, குறிப்பிட்ட பாறைப் பகுதியில் இருப்பவை, கால்சியம் குறைந்தவை. பருவமழை அவற்றைப் பெரிதாக மாற்றவில்லை.' பாறையோடு நீர் தங்கும் காலம் இதற்கு நீங்கள் தரும் விளக்கம். அளந்ததும் விளக்கமும் தனித்தனியாக நிற்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் கடினமாக வரும் கேள்விகளில் பாதி, மாணவர் இவை இரண்டையும் ஒன்றாகக் கலந்த இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

அந்த வாக்கியம் மூன்று துண்டாகப் பிரிகிறது: எங்கே கூடுகிறது, எப்போது மாறுகிறது, ஏன். இந்த மூன்றுமே உங்கள் பேச்சின் உடம்பு. ஒவ்வொன்றுக்கும் ஆய்வேட்டிலிருந்து இரண்டு படங்கள் எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பிறகு பின்னோக்கி வாருங்கள். இந்த ஆறு படங்களையும் நம்புவதற்கு எதிரில் இருப்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? அதுவே உங்கள் ஆய்வு முறைப் பகுதி. இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? அதுவே உங்கள் அறிமுகம். முடிவில் தொடங்கி முன்னுரையை எழுதும்போது எதை வெட்டுவது என்ற கேள்வியே எழுவதில்லை. தேவைப்படாதது உள்ளே வருவதே இல்லை.

இனி நேரக் கணக்கு. 25 நிமிடம் என்றால் 22க்குத் திட்டமிடுங்கள். ஒலிவாங்கி சரியாவதற்கும், நடுவில் யாராவது ஒரு சொல்லைத் திரும்பக் கேட்பதற்கும் மீதி மூன்று நிமிடம் போய்விடும். ஸ்லைடுகள் பதினாறு.

முதல் நான்கு ஸ்லைடுகளுக்கு நாலரை நிமிடம். தலைப்புக்கு அரை நிமிடம் போதும். இரண்டாவது ஸ்லைடில் சிக்கலை ஒன்றரை நிமிடத்தில் வையுங்கள். குடிநீரில் ஃபுளோரைடுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு சொல்லும் ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம். வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி உண்டு. நீங்கள் எந்த வரம்பை எடுத்துக்கொண்டீர்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுங்கள். வரம்பு மாறினால் 'பாதிக்கப்பட்ட கிணறுகள்' என்ற எண்ணிக்கையே மாறிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மூலம் காவிரி நீர் வந்த பிறகும் ஆழ்துளைக் கிணறுகளை ஏன் ஆராய வேண்டும் என்று அரங்கில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதற்கான ஒரு வாக்கியமும் இந்த ஸ்லைடில் இருக்கட்டும். மூன்றாவது ஸ்லைடு, முன்னோர் ஆய்வுகள் விட்டுவைத்த இடைவெளி: ஒன்றரை நிமிடம். பதினான்கு ஸ்லைடு இலக்கிய மீளாய்வும் இந்த ஒன்றுக்குள் அடங்க வேண்டும். யார் எந்த ஆண்டு என்ன செய்தார் என்ற பட்டியல் வேண்டாம். 'இவ்வளவு தெரிந்திருந்தது, இது தெரியாமல் இருந்தது' என்ற இரண்டு வரி போதும். தேர்வாளர் உங்கள் இலக்கிய மீளாய்வை முன்பே படித்து அறிக்கையும் அனுப்பிவிட்டார். நான்காவதில் மூன்று கேள்விகளையும் அந்த ஒரு வாக்கிய விடையையும் வையுங்கள், ஒரு நிமிடம். விடையைக் கடைசிவரை ஒளித்து வைக்காதீர்கள். விடை தெரிந்தவர்தான் சான்றுகளைச் சரியாக எடைபோட முடியும்.

ஐந்து முதல் ஏழு வரை ஆய்வு முறை, மொத்தம் நான்கு நிமிடம். ஆய்வுப் பகுதியின் பாறை வரைபடத்துக்கு ஒன்றரை நிமிடம். 62 கிணறுகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எத்தனை முறை நீர் எடுத்தீர்கள் என்பதற்கு ஒன்றரை. அளவீடு நம்பகமானதா என்பதற்கு ஒரு நிமிடம். மின்முனையால் ஃபுளோரைடு அளந்த செய்முறையை வரிசையாகச் சொல்லத் தேவையில்லை. நேர் அயனிகளின் கூட்டும் எதிர் அயனிகளின் கூட்டும் எவ்வளவு ஒத்துப்போயின என்ற அயனிச் சமநிலைப் பிழையை மட்டும் காட்டுங்கள். துறை அறிந்தவர் முதலில் தேடுவது அதைத்தான்.

எட்டாவது ஸ்லைடைத் தொடும்போது கடிகாரம் எட்டரை நிமிடம் காட்ட வேண்டும். இதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டும் ஒன்பதும் 'எங்கே', மூன்று நிமிடம். பத்தும் பதினொன்றும் 'எப்போது', மூன்றரை. பன்னிரண்டும் பதின்மூன்றும் 'ஏன்', நான்கு. கடைசிக்கு நேரம் கூடுதலாகத் தருவதற்குக் காரணம், உங்கள் விளக்கம் அங்கேதான் இருக்கிறது, தேர்வாளர் துருவப்போவதும் அங்கேதான். பன்னிரண்டாவது ஸ்லைடை எடுத்துக்கொள்வோம். ஆய்வேட்டில் அது 62 வரிசையும் 12 நெடுவரிசையும் கொண்ட அட்டவணை. அதைத் திரையில் போட்டால் ஒருவராலும் படிக்க முடியாது. அதிலிருந்து இரண்டே நெடுவரிசை எடுங்கள். கீழ் அச்சில் கால்சியம், மேல்நோக்கிய அச்சில் ஃபுளோரைடு, ஒவ்வொரு கிணறும் ஒரு புள்ளி. ஆழமான கிணறுகளுக்கு ஒரு நிறம், திறந்த கிணறுகளுக்கு வேறு நிறம். ஸ்லைடின் தலைப்பு 'முடிவுகளும் விவாதமும்' என்று இருக்கக் கூடாது. 'கால்சியம் குறைந்த கிணறுகளில் ஃபுளோரைடு கூடுகிறது' என்று முழு வாக்கியமாக இருக்கட்டும்.

பேசும்போது முதலில் இரண்டு அச்சுகளையும் சொல்லுங்கள், பிறகு ஒரு புள்ளியைக் காட்டி அது எந்த மாதிரிக் கிணறு என்று சொல்லுங்கள், அதன் பிறகே மொத்தப் போக்கைச் சொல்லுங்கள். பார்ப்பவருக்குப் படம் பிடிபட அந்த இருபது விநாடி வேண்டும். காரணம் அதற்குப் பிறகு வருகிறது: நீரிலுள்ள கால்சியம் கால்சைட்டாகப் படிந்து வெளியேறும்போது, கால்சியமும் ஃபுளோரைடும் சேர்ந்த ஃபுளோரைட் கனிமம் மேலும் கரைய இடம் கிடைக்கிறது. இப்படிச் சொன்னால் இந்த ஒரு ஸ்லைடு இரண்டு நிமிடத்தை எளிதாக எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளட்டும்.

பதினான்காவது ஸ்லைடு உங்களுக்கு வலிக்கும். செங்கல் தூள் வடிகட்டி பற்றிய ஐந்தாம் இயலுக்குப் பதினான்கு மாதம் செலவழித்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மூன்று கேள்விகளில் எதற்கும் அது விடை சொல்லவில்லை. ஒரு நிமிடம், ஒரு படம், அவ்வளவுதான். செலவழித்த காலத்தை வைத்து நேரம் ஒதுக்காதீர்கள். வேதியியல் துறைத் தேர்வாளர் அதையே கேட்டால் காட்டுவதற்கு நான்கைந்து ஸ்லைடுகளைப் பின்னால் வைத்திருங்கள். பதினைந்தில் ஆய்வின் வரம்புகள், ஒரு நிமிடம்: நீரின் வயதை அளக்கவில்லை, இரண்டு ஆண்டுத் தரவு மட்டுமே. இதை நீங்களே சொல்லிவிட்டால் தேர்வாளர் அதைக் குறையாக எடுத்துக்காட்ட வேண்டியதில்லை, அடுத்து என்ன செய்யலாம் என்று பேசத் தொடங்குவார். பதினாறில் அந்த ஒரு வாக்கியமும் மூன்று விடைகளும். கேள்வி நேரம் முழுவதும் திரையில் இதுவே நிற்கட்டும், 'நன்றி' என்ற சொல் அல்ல. நன்றியை வாயால் சொன்னால் போதும். கட்டுரைகளின் பட்டியலை உங்கள் பல்கலைக்கழகம் கட்டாயமாகக் கேட்டால் தலைப்புக்கு அடுத்து வைத்து, வாசிக்காமல் கடந்துவிடுங்கள்; அப்போது அதற்குப் பின் வரும் ஸ்லைடு எண்கள் எல்லாம் ஒன்று கூடும்.

ஒத்திகையை நின்றுகொண்டு, வாய்விட்டுப் பேசிச் செய்யுங்கள். மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தால் எப்போதும் நேரம் குறைவாகவே காட்டும். பவர்பாயிண்டில் `Rehearse Timings` என்ற வசதி ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியாகப் பதிவுசெய்கிறது. எந்த ஸ்லைடு வீங்குகிறது என்பது இரண்டாவது ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். எட்டாவது ஸ்லைடை பத்தரை நிமிடத்தில் தொட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள்: ஒன்பதையும் பதினான்கையும் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடலாம், இழந்த இரண்டு நிமிடம் திரும்பக் கிடைக்கும். வேகமாகப் பேசி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். வேகம் கூடினால் முதலில் தேய்ந்து போவது 'ஏன்' பகுதிதான்.

தேர்வாளர் அறிக்கையில் எழுப்பியுள்ள வினாக்களுக்கு இந்த 22 நிமிடத்தில் இடம் தர வேண்டாம். அவற்றுக்குத் தனி ஸ்லைடுகள் செய்து, பேச்சு முடிந்ததும் வரிசையாகப் பதில் சொல்லுங்கள். ஒரு வினாவுக்கு ஒரு ஸ்லைடு: மேலே அவர் எழுதிய சொற்களிலேயே வினா, கீழே விடை, ஓரத்தில் ஆய்வேட்டின் பக்க எண். இவற்றை 21 முதல் எண்ணிட்டு, வடிகட்டிக்கான கூடுதல் ஸ்லைடுகளை 41 முதல் வையுங்கள். இடையிலுள்ள எண்களில் வெற்று ஸ்லைடுகளை நிரப்பினால் எண்கள் பிசகாது. இந்த எண்களை ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படக்காட்சி ஓடும்போது எண்ணைத் தட்டி `Enter` அழுத்தினால் அந்த ஸ்லைடு நேரே வந்து நிற்கும். பிறகு `16`, `Enter`. உங்கள் முடிவு மீண்டும் திரைக்கு வந்துவிடும்.