சொல்லுக்கொரு படம் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பிலுள்ள ஒரு சிறுமியின் வீட்டு மொழி வேறு. வகுப்பு மொழியைக் கேட்கத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. அவளுக்காக அறிவியல் பாடத்தில் ஒவ்வொரு சொல்லின் மேலும் ஒரு சிறு படம் ஒட்டித் தருகிறேன். படம் இருந்தால் தடையின்றி வாசிக்கிறாள், எடுத்துவிட்டால் ஒரு சொல்லும் வருவதில்லை. நான் எங்கே தவறுகிறேன்?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அவள் வாசிப்பது படங்களைத்தான். விடை மேலேயே இருக்கும்போது கீழே உள்ள எழுத்தைப் பார்க்கக் கண்ணுக்குத் தேவை எழுவதில்லை. எஸ். ஜே சாமுவேல்ஸ் 1967இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: வாசிக்கத் தொடங்கும் குழந்தைகளில் படத்தோடு சொல்லைக் கற்றவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் சொன்னார்கள், படத்தை எடுத்துவிட்டுச் சோதித்தபோது, படமின்றிக் கற்றவர்களே முன்னே நின்றார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ‘விதை’ என்பதற்குப் படம் வரையலாம்; ‘பிறகு’, ‘அதனால்’ என்பவற்றுக்கு நாம் ஒட்டும் குறியை அவள் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்.

ஆகவே படத்தைச் சொல்லிலிருந்து எடுத்து, நிகழ்வுக்குக் கொடுங்கள். விதை முளைக்கும் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்க உரையில் அவள் உண்மையாகவே அறிய வேண்டியவை நான்கு வாக்கியங்கள்: விதை நீரை உறிஞ்சி உப்புகிறது. அதனால் விதையுறை கிழிகிறது. முதலில் முளைவேர் கீழ்நோக்கி வளர்கிறது. அதன் பிறகு முளைக்குருத்து மேல்நோக்கி எழுகிறது. வாக்கியத்துக்கு ஒன்றாக நான்கு படங்கள் போதும். முளைவேர், முளைக்குருத்து போன்ற பாடச் சொற்களை எளிமை கருதி நீக்கிவிடாதீர்கள். மற்ற பிள்ளைகள் கற்பதை அவளும் கற்க வேண்டும். அவற்றின் பெயர்களை எண் போட்டு ஓரத்தில் பட்டியலிடாமல், படத்தில் அந்தந்த உறுப்பின் அருகிலேயே ஒரு கோடிழுத்து எழுதுங்கள். கண் அங்குமிங்கும் அலைந்தால் சொல்லும் பொருளும் ஒட்டுவதில்லை.

வரைவதில் கவனம் வேண்டிய இடம் ஒன்றுண்டு. நான் முதன்முறை இப்படத்தாளைத் தயாரித்தபோது, முதல் கட்டத்தில் சிறிய விதையையும் அடுத்ததில் உப்பிய விதையையும் வரைந்தேன். ஒரு சிறுவன் அவற்றை இரண்டு வெவ்வேறு விதைகள் என்று புரிந்துகொண்டான். பெரிய விதைதான் முளைக்கும் என்று தன் மொழியில் தாயிடம் விளக்கவும் செய்தான். அதன்பின் உப்பிய விதைக்குள் பழைய அளவைப் புள்ளிக்கோட்டால் காட்டினேன், நான்கு கட்டங்களிலும் விதையை ஒரே கோணத்தில் வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு மாற்றத்தை மட்டும் வரைந்தேன். குழப்பம் தீர்ந்தது. எனவே உரையைச் சேர்க்கும் முன்பே படங்களை மட்டும் அவளிடம் கொடுத்து, என்ன நடக்கிறது என்று வீட்டு மொழியில் பெற்றோரிடம் சொல்லச் செய்யுங்கள். அவள் சொல்லும் கதை பாடத்தின் கதையாக இல்லாவிட்டால், திருத்த வேண்டியது படத்தைத்தான்.

படத்தை விலக்கும் வேலையையும் தொடக்கத்திலேயே திட்டமிட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் படமும் வாக்கியமும் சேர்ந்தே இருக்கட்டும். நீங்கள் வாசிக்க, அவள் விரல் வைத்துத் தொடரட்டும். அடுத்த நாள் இரண்டையும் வெட்டிப் பிரித்து, வாக்கியத் துண்டுகளைப் படங்களோடு அவளே பொருத்தட்டும். மூன்றாவது முறை வாக்கியத் துண்டுகளை மட்டும் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். துண்டின் பின்புறம் படம் இருந்தால், முடித்தபின் திருப்பித் தானே சரிபார்த்துக்கொள்வாள். பிறகு ‘முதலில் ______. அதன் பிறகு ______.’ என்ற சட்டகத்தை வைத்து வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். மூன்று என்பது வரிசைதான், நாள்கணக்கு அல்ல. ஒரு படிக்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

எழுத்தைப் பார்க்கிறாளா என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். முளைவேர் படத்தின் கீழ் முளைக்குருத்து வாக்கியத்தை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். தயங்கினாலோ, உங்களை நிமிர்ந்து பார்த்தாலோ அவள் உரைக்குள் வந்துவிட்டாள் என்று பொருள். தயங்காமல் ‘முளைவேர்’ என்று சொன்னால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். இரண்டு சொற்களும் ‘முளை’ என்றே தொடங்குவதால் இந்த இணை சற்றுக் கடினமானது. முதலில் விதையுறையையும் முளைவேரையும் மாற்றிப் பாருங்கள்.

‘நீர் இல்லாவிட்டால் விதை முளைக்காது’ என்ற வாக்கியத்துக்கு மட்டும் படத்தை நம்பாதீர்கள். நீர்க்குவளையின் மேல் பெருக்கல் குறி போட்டால் ‘நீர் ஊற்றாதே’ என்றே பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். ஈரப்பஞ்சில் சில விதைகளையும் காய்ந்த பஞ்சில் சில விதைகளையும் அவள் மேசையிலேயே வைத்துவிடுங்கள். ஈரப்பஞ்சில் முளைவேர் தலைகாட்டும் நாளில் இரண்டையும் அருகருகே காட்டி அந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள். அவள் பெற்றோரிடம் கேட்டு அதையே வீட்டு மொழியிலும் ஒரு வரி எழுதி வாங்கிக் கீழே ஒட்டுங்கள்.