புழல் சிறையில் இருக்கும்போதே குண்டாஸ்: கையிலுள்ள புத்தகத்தில் எதைத் தேடுவது?

கேள்வி: "காசிமேட்டில் ஐஸ் ஏற்றும் வேலை பார்க்கும் என் மகனை, மீன் ஏலத்தின்போது நடந்த அடிதடிக்காக ஜனவரி 6-ஆம் தேதி பிடித்துக்கொண்டு போனார்கள். புழலில் இருக்கும்போதே 27-ஆம் தேதி குண்டாஸ் போட்டுவிட்டார்கள். ஜாமீன் மனுவே இன்னும் போடவில்லை. தடிமனான ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள், பல பக்கம் இங்கிலீஷ். அவன் தமிழில் எட்டாவது வரைதான் படித்தவன். வக்கீலும் வைக்க முடியாதாம். நான் என்ன செய்ய?" (ஒரு தாய், காசிமேடு)

பதில்: அம்மா, தங்கள் மகன் இப்போது இரண்டு தனித்தனிக் காவல்களில் இருக்கிறார். அடிதடி வழக்கின் நீதிமன்றக் காவல் ஒன்று. குண்டாஸ் எனப்படும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் தமிழ்நாடு சட்டப்படி காவல் ஆணையர் பிறப்பித்த தடுப்புக் காவல் மற்றொன்று. ஜாமீன் முதலாவதை மட்டுமே தீர்க்கும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், அவர் விரும்பும் வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்ற உரிமைகள் தடுப்புக் காவலுக்குப் பொருந்தா என்று அரசமைப்பின் 22-ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது. அதற்கு ஈடாக அப்பிரிவின் 5-ஆவது உட்பிரிவு தருவது, காரணங்களைத் தெரிவித்து, அவற்றை எதிர்த்து முறையிட மிக விரைவில் வாய்ப்பளிக்க வேண்டும் என்ற பாதுகாப்பு. புத்தகம் கையில் தரப்படுவது அதற்காகத்தான்.

புரியாத மொழியில் காரணங்களைக் கொடுப்பது கொடுக்காததற்குச் சமம். 1999-ஆம் ஆண்டின் பொவனம்மாள் வழக்கில், தமிழ் மட்டுமே அறிந்தவருக்கு ரிமாண்ட் நீட்டிப்பு உத்தரவின் தமிழாக்கம் தரப்படாததால் உச்ச நீதிமன்றம் காவல் ஆணையை ரத்து செய்தது. ஆனால் ஆங்கிலப் பக்கம் எது இருந்தாலும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆணையர் தம் முடிவுக்கு அடிப்படையாகக் கொண்ட ஆவணமாக அது இருக்க வேண்டும். போகிற போக்கில் குறிப்பிட்ட ஆவணம் என்றால், தமிழாக்கம் இல்லாததால் முறையிடுவதற்கு என்ன பாதிப்பு நேர்ந்தது என்பதையும் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஆங்கிலப் பக்கங்களின் எண்களையும், படிக்க முடியாத நகல்களின் எண்களையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஆணையின் கடைசிப் பத்திகளை நிதானமாகப் படியுங்கள். ஏற்கெனவே சிறையில் இருப்பவர் மீது இந்த ஆணையைப் பிறப்பிக்க, அவர் ஜாமீனில் வெளிவரும் நிஜமான வாய்ப்பு உண்டு என்று ஆணையர் திருப்தியடைய வேண்டும். மனுவே நிலுவையில் இல்லாதபோது, "இதுபோன்ற வழக்கில் ஜாமீன் கிடைத்துள்ளது" என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். எந்த வழக்கு, எந்த மனு எண், எந்தத் தேதி, ஜாமீன் பெற்றவர் இதே வழக்கின் உடன் குற்றவாளியா என்ற விவரம் இல்லாத அத்தகைய வரியை 2011-இல் ரேகா வழக்கில் மூன்று நீதிபதிகள் ஏற்கவில்லை. என் பார்வையில் தங்கள் மகனுக்கு உறுதியான வாதம் இதுதான். வேறொரு நபர், வேறொரு சம்பவம் சம்பந்தப்பட்ட ஜாமீன் உத்தரவு புத்தகத்தில் ஒட்டப்பட்டிருந்தால், அந்தச் சம்பவத்தையும் இந்த அடிதடியையும் வரிக்கு வரி ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டலாம்.

முறையீட்டு மனுவை இன்றே அனுப்புங்கள். மகன் கையொப்பமிட்ட ஒன்று சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவும், தங்கள் பெயரில் ஒன்று பதிவுத் தபாலில் கோட்டையிலுள்ள உள்துறைச் செயலருக்கும் போகட்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், ஏனெனில் அரசின் தாமதமே பின்னர் தங்கள் வாதமாகலாம். ராஜம்மாள் வழக்கில், அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்ததால் கோப்பு சில நாள் கிடந்தது என்ற விளக்கத்தை ஏற்காமல் உச்ச நீதிமன்றம் கைதியை விடுவித்தது.

ஜனவரி 27-ஐ வைத்துப் பார்த்தால், 12 நாளில் அரசின் ஒப்புதல் கிடைத்திருக்க வேண்டும். 3 வாரத்துக்குள், அதாவது பிப்ரவரி 17-க்குள், காவல் ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்துக்குக் கோப்பு போக வேண்டும். கழகம் 7 வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். கழகத்தின் முன் வக்கீலைக் கோர உரிமை இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் வக்கீல் அல்லாத நண்பர் ஒருவரின் உதவியைக் கோரலாம் என்று 1981-ஆம் ஆண்டின் ஏ.கே.ராய் தீர்ப்பு அனுமதிக்கிறது. அந்தக் கோரிக்கையை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

வக்கீல் தேவைப்படும் இடம் உயர் நீதிமன்றம். தாங்களே மனுதாரராக ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்குள்ள சட்டப் பணிக் குழு வழியாகத் தங்களுக்கு இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு. அடிதடி உண்மையா பொய்யா என்று அந்த அமர்வு பொதுவாக ஆராயாது; மேலே சொன்ன நடைமுறைப் பிழைகளையும், ஏலக் கூடத் தகராறு இருவருக்கிடையிலான பகையா, பொது ஒழுங்கையே குலைத்ததா என்பதையும்தான் பார்க்கும். அங்கே ஆணை ரத்தானாலும் அடிதடி வழக்கில் ஜாமீன் இல்லையென்றால் மகன் புழலிலேயே இருக்க நேரும். எனவே ஜாமீன் மனுவை எப்போது போடுவது என்பதை ஆட்கொணர்வு மனுவை நடத்தும் வக்கீலே முடிவு செய்யட்டும்.