ஆண்டுக்கு ஒரு தொகை போட்டால் கடைசியில் எவ்வளவு சேரும்?

மேற்கு மாம்பலத்தில் தையற்கடை நடத்தும் வாசகி: தீபாவளி வியாபாரத்தைப் பொறுத்துத்தான் சேமிக்க முடிகிறது. ஒவ்வோர் ஏப்ரல் முதல் தேதியிலும் போட்ட தொகை: 40,000, 60,000, அடுத்த ஆண்டு ஒன்றுமில்லை, பிறகு 25,000, கடைசியாக 80,000. வட்டி 7 சதவீதம், ஆண்டுக்கு ஒருமுறை அசலோடு சேரும். ஐந்தாம் ஆண்டு முடிவில் எவ்வளவு இருக்கும்?

ஐந்து தொகையையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி வைப்பு நிதியாக நினைத்துக்கொண்டு, அது எத்தனை ஆண்டு வட்டி ஈட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். முதல் 40,000 ஐந்து ஆண்டுகள் கிடக்கிறது. இரண்டாவது நான்கு ஆண்டுகள். நான்காம் ஆண்டில் போட்டது இரண்டு, கடைசி 80,000 ஒரே ஒரு ஆண்டு. 1.07-ஐ அத்தனை முறை பெருக்கி, தொகையோடு பெருக்க வேண்டியதுதான்.

40,000 × 1.40255 = 56,102
60,000 × 1.31080 = 78,648
25,000 × 1.14490 = 28,622
80,000 × 1.07 = 85,600

கூட்டினால் சுமார் 2,48,972 ரூபாய். போட்டது 2,05,000, வட்டி 43,972. ஒன்றும் போடாத மூன்றாம் ஆண்டுக்கு மேலே தனி வரிசையே தேவையில்லை. ஆனால் அந்த ஆண்டிலும் முதல் இரண்டு தொகைகளுக்கு வட்டி ஏறியிருக்கிறது. அது மேலே உள்ள அடுக்குகளில் ஏற்கெனவே அடங்கிவிட்டது.

சரிபார்க்க, பாஸ் புத்தகம் போலவே ஓட்டிப் பாருங்கள். 40,000 முதலாண்டு முடிவில் 42,800 ஆகும். அதோடு 60,000 சேர்த்து 1.07-ஆல் பெருக்கினால் 1,09,996. மூன்றாம் ஆண்டு முடிவில் 1,17,696. 25,000 சேர்த்துப் பெருக்கினால் 1,52,684. கடைசியாக 80,000 சேர்த்துப் பெருக்கினால் அதே 2,48,972. இரண்டு வழியும் ஒத்துப்போகவில்லை என்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு தொகைக்கு ஆண்டை ஒன்று கூட்டியோ குறைத்தோ எண்ணியிருப்பீர்கள்.

அதே வாசகி: சராசரியாக ஆண்டுக்கு 41,000 என்று கால்குலேட்டரில் போட்டேன். 2,52,285 வருகிறதே?

வரும். 3,313 ரூபாய் கூடுதலாகக் காட்டுகிறது. உங்கள் பெரிய தொகை கடைசியில் வந்தது. அதற்கு வட்டி ஈட்ட ஒரே ஆண்டுதான் கிடைத்தது. சராசரி எடுத்ததும் அந்தப் பணத்தின் ஒரு பங்கு முதலாண்டிலேயே இருந்ததாகக் கணக்கு நம்பிவிடுகிறது. 80,000-ஐ முதலில் போட்டிருந்தால் பிழை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்.

வேளச்சேரி வாசகர்: நான் ஆண்டின் கடைசி நாளில்தான் போடுகிறேன். அதே தொகைகள், அதே வட்டி என்றால்?

எல்லாத் தொகைக்கும் ஒவ்வோர் ஆண்டு குறையும். முதல் தொகைக்கு அடுக்கு நான்கு. கடைசி 80,000-க்கு வட்டியே கிடையாது, அப்படியே நிற்கும். மொத்தம் 2,32,684. முந்தைய விடையை 1.07-ஆல் வகுத்தாலும் இதுவே கிடைக்கும். தொடக்கமா, கடைசியா என்பதைக் கேட்காமல் எவர் கணக்குப் போட்டுக் கொடுத்தாலும் நான் நம்புவதில்லை. இங்கே வித்தியாசம் 16,288 ரூபாய்.

பெரம்பூர் வாசகர்: இடையில் பணம் எடுத்தால் எப்படிக் கணக்கிடுவது?

எடுத்ததைக் கழித்தல் குறியுள்ள தொகையாக வையுங்கள். நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் பள்ளிக் கட்டணத்துக்கு 20,000 எடுத்தால், இறுதியில் குறைவது 20,000 அல்ல. 20,000 × 1.1449 = 22,898.

அண்ணா நகர் வாசகி: எக்ஸெலில் ஒரே வரியில் போட முடியுமா?

A2 முதல் A6 வரை தொகைகள், B2 முதல் B6 வரை மீதமுள்ள ஆண்டுகள் (5, 4, 3, 2, 1), D1-இல் 7%. போடாத ஆண்டுக்குப் பூஜ்யம் இடுங்கள்.

```
=SUMPRODUCT(A2:A6,(1+D1)^B2:B6)
```

FV என்ற சூத்திரத்தில் தவணைக்கு ஒரே தொகையைத்தான் கொடுக்க முடியும். அது இங்கே உதவாது. நடுவில் வட்டி விகிதம் மாறினால் இந்த வரியும் உதவாது. அப்போது மேலே சொன்ன பாஸ் புத்தக முறைதான் எளிது. அந்தந்த ஆண்டு முடிவில் அந்தந்த விகிதம்.

தாம்பரம் வாசகர்: பி.பி.எஃப். கணக்குக்கும் இதே முறையா?

ஆம், இரண்டு எச்சரிக்கையோடு. அங்கே ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி. ஏப்ரல் 5-க்குள் போட்டால் முழு ஆண்டு வட்டி. 6-ஆம் தேதி போட்டால் பதினொரு மாத வட்டிதான். 7 சதவீதம் என்றே வைத்தாலும் 80,000-க்கு அந்த ஒரு நாள் தாமதத்தின் விலை சுமார் 467 ரூபாய். இன்னொன்று, தையற்கடை வாசகி போல ஓர் ஆண்டை வெறுமனே விட முடியாது: குறைந்தது 500 ரூபாயாவது போடாவிட்டால் கணக்கு முடங்கிவிடும். அதை உயிர்ப்பிக்க, விட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்த 500-ஐயும் 50 ரூபாய் அபராதத்தையும் கட்ட வேண்டியிருக்கும்.