பதினான்கில் மூன்று போதும்

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். 2023-ல் பி.காம் முடித்தேன். கடல் உணவு ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். என்னிடம் 14 ஆன்லைன் சர்டிஃபிகேட் இருக்கிறது, பட்டியலை இணைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ரெஸ்யூமில் போட்டால் நல்லதா, இல்லை சிலதை விட்டுவிட வேண்டுமா?

பதில்: உங்கள் பட்டியலில் மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றிலும் ஒன்றுக்கு இன்னும் இரண்டு நாள் வேலை பாக்கி இருக்கிறது. மீதி 11-ஐ இந்த வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமிலிருந்து எடுத்துவிடலாம்.

ரெஸ்யூமில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் நீங்களே கொடுக்கும் கேள்வி. நானும் அக்கவுண்ட்ஸுக்கு ஆள் எடுத்தவன்தான். ஒரு பையன் இரண்டு பக்கத்துக்கு சர்டிஃபிகேட் அடுக்கி வந்தான். நடுவில் 'ஜிஎஸ்டி நிபுணர்' என்று ஒன்று. 'ஜிஎஸ்டிஆர்-1 யார் போடுவது, 2பி எங்கிருந்து வருகிறது?' என்று கேட்டேன். விற்றவர் தன் விற்பனையைக் காட்டிப் போடும் ஜிஎஸ்டி கணக்கு முன்னது, அதிலிருந்து வாங்கியவருக்குத் தானாக வரும் பட்டியல் பின்னது. முழித்தான். அந்த ஒரு வரி இல்லாமல் வந்திருந்தால் டேலியில் நாலு என்ட்ரி போடச் சொல்லிப் பார்த்திருப்பேன், வேலையும் கிடைத்திருக்கலாம்.

முதலில் வைக்க வேண்டியது ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் தளத்தின் நிதிக் கணக்கியல். காரணம் ஐஐடி பெயர் இல்லை, அந்தத் தேர்வு நடக்கும் விதம். வாராவாரம் போடும் அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் கண்காணிப்பாளர் முன்னால் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 10-உம் தேர்வில் 30-உம் தனித்தனியாக வாங்கினால்தான் சர்டிஃபிகேட்டே வரும். வீட்டிலிருந்து அண்ணன் எழுதிக் கொடுத்துத் தப்பிக்க முடியாது. உங்களுக்கு 61 வந்திருக்கிறது. 60-ஐத் தாண்டியதால் அதில் 'எலைட்' என்று அச்சாகியிருக்கும், பாருங்கள். ஆகவே மதிப்பெண்ணையும் சேர்த்து எழுதுங்கள்: 'நிதிக் கணக்கியல், என்பிடெல், 12 வாரம், 2023, எலைட், 61%'. இதுவே 43 என்றால் பாடத்தின் பெயரோடு நிறுத்தச் சொல்லியிருப்பேன். கேட்டால் காட்டலாம், மறைப்பதாகாது. இன்னொன்று, இதை 'கல்வித் தகுதி' தலைப்பின் கீழ் பி.காமுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஐஐடியில் படித்ததுபோல் ஒரு தோற்றம் வரும். கேட்பவருக்கு அது பிடிக்காது.

இரண்டாவது, யூடெமியில் முடித்த எக்ஸெல். சர்டிஃபிகேட்டாகப் பார்த்தால் இதற்கு மதிப்புக் குறைவு. வீடியோக்கள் எல்லாம் ஓடி முடிந்துவிட்டால் அது வந்துவிடும். ஃபோனை ஓடவிட்டுச் சமைக்கப் போனாலும் வரும். ஆனால் பட்டியலிலேயே இந்த வேலைக்கு அதிகம் தேவைப்படும் கைவேலை இதுதான். அதனால் சர்டிஃபிகேட் பெயருக்குப் பதிலாக, அதை வைத்துச் செய்த ஒரு வேலையை எழுதுங்கள். நான் சொன்ன இரண்டு நாள் இதற்குத்தான்.

தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் ஒரு மாதக் கொள்முதல் பில் பட்டியலையும், அதே மாதத்து 2பி எக்ஸெல் கோப்பையும் கேளுங்கள். அட்டைப்பெட்டி, மெஷின் ரிப்பேர் மாதிரியான பில்கள் இருந்தால் போதும். இரண்டையும் ஒப்பிட்டு எந்தப் பில் 2பியில் வரவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பில் நம்பரை மட்டும் வைத்துத் தேடிவிடுவார்கள். 45 என்ற நம்பர் இரண்டு சப்ளையரிடமும் இருக்கும், எல்லாம் சரி என்று காட்டிவிடும். அதனால் இரண்டு ஷீட்டிலும் ஜிஎஸ்டி எண்ணையும் பில் நம்பரையும் ஒட்டி ஒரு சாவி செய்துகொள்ளுங்கள். C-யில் ஜிஎஸ்டி எண், D-யில் பில் நம்பர், F-ல் சாவி, இரண்டாவது ஷீட்டின் பெயர் 2B என்று வைத்துக்கொள்வோம்:

```
F2: =TRIM(C2)&"|"&TRIM(D2)
G2: =IF(COUNTIF('2B'!F:F,F2)=0,"இல்லை","உண்டு")
```

TRIM எதற்கென்றால், கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று முன்னாலோ பின்னாலோ ஒட்டியிருந்தாலும் 'இல்லை' என்றுதான் வரும். அதையும் மீறி நாலைந்து பொய்யான 'இல்லை' வரும். கடைக்காரர் '45' என்று எழுதியிருப்பார், சப்ளையர் '0045/25-26' என்று ஏற்றியிருப்பார். அவற்றைத் தொகையை வைத்துக் கையால்தான் பார்க்க வேண்டும். மிச்சம் நிற்பவைதான் உண்மையிலேயே வராதவை. பெரும்பாலும் சப்ளையர் தன் ஜிஎஸ்டிஆர்-1-ஐத் தாமதமாகப் போட்டிருப்பார். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு அடுத்த மாதம் 11-ம் தேதி கெடு, 14-ம் தேதி 2பி உருவாகிவிடும். தவறவிட்ட பில் அதற்கடுத்த மாதம்தான் தெரியும், அதுவரை அந்தப் பில்லின் ஜிஎஸ்டியை வரவாக எடுக்க முடியாது.

இதை ஒருமுறை உங்கள் கையால் செய்துவிட்டால் 'எக்ஸெலில் ஜிஎஸ்டிஆர்-2பி ஒப்பீடு செய்திருக்கிறேன் (ஒரு கடை, ஒரு மாதம்)' என்று தைரியமாக எழுதலாம். அளவையும் உள்ளபடியே எழுதுங்கள். கடைக்காரர் பெயர், அவர் ஜிஎஸ்டி எண் எதுவும் வெளியே போகக் கூடாது.

மூன்றாவது டேலி. ராமநாதபுரம் சென்டரில் ஆன்லைன் வகுப்பாகப் படித்தது 2022-ல், ஆனால் சர்டிஃபிகேட்டில் 'இஆர்பி 9' என்று போட்டிருக்கிறார்கள். அது பழைய பதிப்பு, அதற்கு அடுத்த டேலிபிரைம் வந்தது 2020 நவம்பரில். சென்டர்காரர்கள் பழைய தாளையே அச்சடித்துக்கொண்டிருந்திருப்பார்கள், அது உங்கள் தப்பில்லை. பிரைமில் பர்ச்சேஸ், சேல்ஸ், பேங்க் ஒப்பீடு மூன்றும் உங்களால் போட முடிந்தால் திறமைகள் பகுதியில் 'டேலிபிரைம்' என்று எழுதுங்கள், சென்டர் பெயரைக் கீழே வையுங்கள். முடியாது என்றால் முதலில் ஒரு வாரம் உட்கார்ந்து பழகுங்கள்.

இனி விட வேண்டியவை. ஆறு இ-குவிஸ் சர்டிஃபிகேட்கள்: கொரோனா சமயத்தில் வாட்ஸாப்பில் லிங்க் வந்து, பத்துக் கேள்விக்கு டிக் அடித்தால் மெயிலில் வந்துவிழுந்ததே, அவைதான். எங்கள் வீட்டில் அம்மாவுக்கே நாலு இருந்தது. 2021-ல் கலந்துகொண்ட ஒருநாள் ஜிஎஸ்டி வெபினாரையும் எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து 12, 28 சதவீத அடுக்குகளே பெரும்பாலும் போய்விட்டன. ரெஸ்யூமில் அந்த வெபினாரைப் பார்ப்பவர் இன்றைய நிலவரத்தைத்தான் கேட்பார். மூன்று நாள் பைதான், ஸ்போக்கன் இங்கிலிஷ் ஆப், யோகா மூன்றும் வேண்டாம். ஆங்கிலம் எப்படி என்பதை உங்கள் விண்ணப்ப மெயிலே சொல்லிவிடும்.

கோர்செராவில் முடித்த கூகுளின் டிஜிட்டல் மார்க்கெட்டிங் மட்டும் வேறு மாதிரி. மதிப்பீடு வைத்துத்தான் தருகிறார்கள், மட்டமில்லை. ஆனால் இந்த வேலைக்கு அது பொருந்தாது. 'இந்தப் பொண்ணு ஆறு மாசத்துல வேறு பக்கம் போயிடுமோ' என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும். நாளைக்கு ராமேஸ்வரத்தில் ஒரு ஹோட்டலின் ஆன்லைன் புக்கிங் வேலைக்குப் போட்டால் இதை மேலே தூக்கிவைத்து என்பிடெல்லைக் கீழே இறக்கலாம். அதனால் ஃபைலை அழித்துவிடாதீர்கள்.

அனுப்புவதற்கு முன் இரண்டு விஷயம். சரிபார்ப்பு லிங்க் கொடுத்தால், நீங்கள் லாகின் செய்யாத வேறொருவர் ஃபோனில் அது திறக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் தகராறு எப்போதும் உண்டு. டிகிரியில் முன்னால் இருக்கும், ஆன்லைனில் கடைசியில் போயிருக்கும், சில சமயம் அப்பா பெயரே முழுதாக வந்திருக்கும். அப்படி இருந்தால் ரெஸ்யூமில் டிகிரியில் உள்ள பெயரையே எழுதுங்கள். வித்தியாசத்தை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், அசலைக் காட்டும்போதே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.