அமுக்கரா கார்டிசாலை எந்த இடத்தில் பிடிக்கிறது? – கேள்வி பதில்

ஹார்மோன் பரிசோதனைக் கூடத்தில் நிறைய வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலைக் குறைப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

“அஸ்வகந்தாவில் உள்ள விதனோலைடு பார்ப்பதற்குக் கார்டிசால் மாதிரியே இருக்கிறதாம். அதனால் கார்டிசாலின் ஏற்பியில் உட்கார்ந்துகொண்டு ‘போதும், நிறுத்து’ என்று மூளையை ஏமாற்றுகிறது. சரிதானே?”

உருவ ஒற்றுமை வரை சரி. இரண்டுமே நான்கு வளையம் கொண்ட ஸ்டீராய்டு கட்டமைப்புதான். விதனோலைடின் வாலில் கூடுதலாக ஒரு லாக்டோன் வளையம் இருக்கும். ஆனால் ஏமாற்றும் வேலையை உண்மையிலேயே செய்கிற மருந்து ஒன்று நமக்குத் தெரியும்: டெக்ஸாமெத்தசோன். இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் கொடுத்தால், ஆரோக்கியமானவருக்கு மறுநாள் காலைக் கார்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே விழுந்துவிடும். அஸ்வகந்தாவோ இரண்டு மாதம் சாப்பிட்ட பிறகும் ஏறக்குறைய கால் பங்குதான் குறைக்கிறது. ஒரே பூட்டைத் திறக்கிற சாவி இவ்வளவு மந்தமாக வேலை செய்யும் என்று தோன்றவில்லை.

“அப்படியானால் எங்கேதான் கை வைக்கிறது? மூளையிலா, அட்ரீனலிலா?”

மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் சிஆர்எச் என்ற ஹார்மோனை அனுப்பும், அதைக் கேட்டு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்பும், அதைக் கேட்டு சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் கார்டிசாலைச் சுரக்கும். கார்டிசால் குறைந்தது என்ற தகவலை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தது என்று சொல்ல முடியாது. கூடவே ஏசிடிஎச்சையும் அளக்க வேண்டும். அட்ரீனல் முடங்கியிருந்தால் மேலிடம் இன்னும் சத்தமாகக் கத்தும், அதாவது ஏசிடிஎச் ஏறும். மேலிடமே அமைதியாகியிருந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும். ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் பெரும்பாலானவை கார்டிசாலோடு நிறுத்திக்கொண்டன. எனக்கு இதில் தீராத எரிச்சல்.

ஒரு மறைமுகத் தடயம் உண்டு. 2019இல் வெளியான ஒரு சோதனையில் 60 பேரில் ஒரு பாதிக்கு 60 நாள் தினம் 240 மில்லிகிராம் சாறு கொடுத்தார்கள். காலைக் கார்டிசாலோடு டிஹெச்இஏ-எஸ் என்ற ஹார்மோனும் கொஞ்சம் குறைந்தது. அதுவும் அட்ரீனல் சுரப்பதுதான், அதுவும் ஏசிடிஎச் சொல்கேட்பதுதான். இரண்டும் ஒன்றாக இறங்கியதால் மேலிடத்தில்தான் தளர்ந்திருக்கும் என்று நான் சாய்கிறேன். தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

“அப்போ விதனோலைடு சதவீதம் கூடுதலாகப் போட்டிருக்கும் மாத்திரையை வாங்கினால் பலனும் கூடும், இல்லையா?”

அப்படிச் சொல்லிவிட முடியாது. சிஆர்எச் சுரக்கும் நரம்பணுக்களுக்குக் கடிவாளம் போடுவது காபா என்ற மூளை வேதிப்பொருள். வேரின் நீர்ச் சாறு காபா ஏற்பிகளை நேரடியாகத் தூண்டுவதை 2015இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். அதே ஆய்வில் விதாஃபெரின் ஏ, விதனோலைடு ஏ இரண்டையும் தனித்தனியாகச் சோதித்தபோது அந்தத் தூண்டலுக்கு அவை காரணமில்லை என்று தெரிந்தது. வேலை செய்வது வேறு விதனோலைடா, சாறில் உள்ள வேறு பொருளா என்பது இன்னும் திறந்த கேள்விதான். லேபிளில் அச்சடித்த சதவீதம் வேலை செய்கிற பொருளையே அளக்காமல் இருக்கலாம்.

“எனக்குக் கார்டிசால் 19 இருந்தது, இரண்டு மாதத்தில் 12 ஆகிவிட்டது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?”

அறிக்கைகளை அனுப்பியதற்கு நன்றி. முதல் ரத்தம் காலை 8 மணிக்கு எடுத்தது, இரண்டாவது மாலை 4 மணிக்கு. கார்டிசால் விழித்த அரை மணி, முக்கால் மணியில் உச்சத்துக்குப் போய், பிறகு நாள் முழுக்க இறங்கும். மாத்திரையே இல்லாமல் மாலையில் 12 வந்திருக்கலாம், அதைவிடக் கீழேயும் போயிருக்கலாம். அதே நேரத்தில் எடுத்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2012இல் 64 பேரிடம் நடந்த சோதனையில் சாறு எடுத்துக்கொண்டவர்களுக்கு 27.9 சதவீதம் குறைந்தது, மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 7.9 சதவீதம் குறைந்தது. அப்புறம், கருத்தடை மாத்திரையை இடையில் தொடங்கினாலோ நிறுத்தினாலோ சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தை ஏற்றிவிடும், மொத்த அளவும் கூடவே ஏறும்.

“கார்டிசால் கெட்டது, அதைப் பூஜ்யமாக்க எவ்வளவு சாப்பிட வேண்டும்? தைராய்டு மாத்திரையும் போடுகிறேன்.”

பூஜ்யமானால் ரத்த அழுத்தம் விழுந்து மருத்துவமனைக்குத்தான் போவீர்கள். அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடும், அதனால் உங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடாதீர்கள். யாராக இருந்தாலும் அரிப்பு, அடர்ந்த நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டுக் கல்லீரலைப் பரிசோதிக்க வேண்டும்.

“ஏசிடிஎச்சை நானே டெஸ்ட் கொடுத்துப் பார்த்துவிடலாமே?”

பார்க்கலாம், ஆனால் அது மகா அவசரக்கார ஹார்மோன். இடிடிஏ குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, குளிரிலேயே சுழற்றிப் பிரிக்காவிட்டால் சிதைந்துபோய் பொய்யாகக் குறைவாகக் காட்டும். சரியாக எடுத்தாலும் அது விட்டுவிட்டுத் துடிப்பாகச் சுரப்பது, இருபது நிமிடம் தள்ளி எடுத்தால் வேறு எண் வரும். ஒரே ஆளின் ஒரே குழாயை வைத்து மேலிடமா கீழிடமா என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.